லைசென்ஸா, விபத்தில்லாத ஓட்டமா, நேரமா? டெலிவரி டிரைவரின் கடிதத்தில் எது முதலில் வர வேண்டும்

டெலிவரி வண்டி ஓட்டும் வேலைக்கு விண்ணப்பிக்கும் வாசகர்கள் பலர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். கடிதம் அரைப் பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அதற்குள் லைசென்ஸ், விபத்தில்லாத ஓட்டம், நேரம் தவறாமை மூன்றையும் சொல்ல வேண்டும். எதை முதலில் சொல்வது?

மூன்றும் கடிதத்தில் இருந்தாக வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடிதத்தைப் படிப்பவர் பெரும்பாலும் ஒரு கடை முதலாளி அல்லது குடோன் மேலாளர். லோடு ஏறிக்கொண்டிருக்கும்போது நின்றபடியே படிப்பார். முதல் இரண்டு வரி அவரை நிறுத்தாவிட்டால் மூன்றாவது வரி படிக்கப்படாது. அதனால் வரிசை முக்கியம்.

ஒரே ஆளை வைத்து மூன்று விதமாக எழுதிப் பார்ப்போம். கோவையில் ரொட்டி விநியோகம் செய்யும் ஒருவரிடம் ஐந்து ஆண்டு குட்டி யானை, அதாவது டாடா ஏஸ் ஓட்டியவர் என்று வைத்துக்கொள்வோம். வயது 34. போக்குவரத்து வாகனம் ஓட்டுவதற்கான அனுமதியான பேட்ஜும் இருக்கிறது. இப்போது மருந்து மொத்த விநியோகம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறார்.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, நீங்கள் எழுதியதை முதலாளி எளிதில் சரிபார்க்க முடியுமா? ஒரு போன் அழைப்பிலோ கைப்பேசியில் ஒரு தேடலிலோ உறுதியாகும் செய்திக்கு இருக்கும் மதிப்பு, நல்ல நல்ல பெயரடைகளுக்கு இல்லை. இரண்டாவது, அதே வேலைக்கு எழுதும் மற்றவர்களிடமிருந்து அது உங்களைப் பிரித்துக் காட்டுகிறதா? மூன்றாவது, அந்த முதலாளி எதை இழந்துவிடுவோமென்று பயப்படுகிறார்? நான்காவது கேள்வியைத்தான் பலரும் கேட்டுக்கொள்வதில்லை: அப்படி எழுதுவதால் பின்னால் உங்கள் தலையில் என்ன சுமை ஏறும்?

## லைசென்ஸை முன்னால் வைத்தால்

*"என்னிடம் பேட்ஜுடன் கூடிய எல்.எம்.வி. லைசென்ஸ் உள்ளது. அது 2028 மார்ச் வரை செல்லும்."*

சரிபார்ப்பதில் இதற்கு இணை கிடையாது. லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கையில் இருந்தால் parivahan.gov.in தளத்தில் அதன் நிலையைப் பார்த்துவிடலாம். முதலாளிக்கு இதில் பணமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கே 5,000 ரூபாய் அபராதம் உண்டு. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடமிருந்து வசூலிக்க வழக்குக்கு வரும்.

ஆனால் இரண்டாவது கேள்வியில் இது தோற்றுவிடுகிறது. விண்ணப்பிக்கும் எல்லோரிடமும் லைசென்ஸ் இருக்கும். இல்லாதவர் உள்ளேயே வர முடியாது. இருப்பதால் மட்டும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை.

பேட்ஜ் பற்றிப் பலருக்கும் குழப்பம் இருப்பதால் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்ட எல்.எம்.வி. லைசென்ஸே போதும், தனியாகப் போக்குவரத்து வாகன அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017ல் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் அதை உறுதிசெய்தது. குட்டி யானை இந்த எல்லைக்குள் வசதியாக அடங்கும். ஐச்சர் போன்ற வண்டிகளில் மாடலுக்கு மாடல் எடை மாறும். ஆர்.சி.யில் மொத்த எடை என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதற்குத் தனிப் பயிற்சியும் லைசென்ஸில் தனிக் குறிப்பும் வேண்டும்.

ஆக, பேட்ஜ் இல்லாதவர் சிறு சரக்கு வண்டி வேலைக்கு விண்ணப்பிக்கத் தயங்க வேண்டியதில்லை. ஆனாலும் விளம்பரத்தில் 'பேட்ஜ் கட்டாயம்' என்று போட்டிருக்கும் முதலாளிக்குக் கடிதத்தில் சட்டம் எடுத்துச் சொல்வது பயன் தராது. அவருடைய இன்சூரன்ஸ் ஏஜென்ட் கேட்பதை அவர் கேட்கிறார். பேட்ஜ் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் லைசென்ஸின் வகையையும் தேதியையும் உள்ளபடி எழுதுங்கள்.

மறைந்திருக்கும் சிக்கல் தேதியில்தான் இருக்கிறது. அட்டையில் இரண்டு தேதிகள் இருக்கலாம். என்.டி. என்பது சொந்த வண்டிக்கு, டி.ஆர். என்பது போக்குவரத்து வாகனத்துக்கு. டி.ஆர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை முடிந்துவிடும். என்.டி. அதைத் தாண்டி வெகுதூரம் ஓடும். பெரிய எழுத்தில் கண்ணில் படும் 2030ஐக் கடிதத்தில் எழுதிவிட்டு, நேர்முகத்தில் அட்டையை நீட்டும்போது டி.ஆர். போன மாதமே முடிந்திருப்பது தெரியவந்தால், வண்டி ஓட்ட உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருந்தாலும் முதலாளியின் நம்பிக்கை அந்த இடத்திலேயே போய்விடும். காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்த பிறகு ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும். கடிதம் எழுதும் முன் அட்டையின் இரண்டு தேதிகளையும் பாருங்கள்.

இன்னொன்று. லைசென்ஸ் எண், பிறந்த தேதி இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதிப் பத்து இடங்களுக்கு அனுப்பாதீர்கள். வகையும் செல்லுபடி தேதியும் போதும். நேர்முகத்தில் ஜெராக்ஸ் கொடுக்கும்போது, எந்த வேலைக்காகக் கொடுத்தது என்று தேதியுடன் அதன் குறுக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள். அசல் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ள நினைக்கும் முதலாளிகளும் உண்டு. வழியில் போலீசார் கேட்டால் காட்ட வேண்டியவர் நீங்கள். அசலைக் கொடுக்காதீர்கள்.

## விபத்தில்லாத ஓட்டத்தை முன்னால் வைத்தால்

*"ஐந்து ஆண்டுகளாக ஒரே வண்டியை ஓட்டினேன். அந்த ஐந்து ஆண்டுகளில் வண்டிக்கு ஒரு இன்சூரன்ஸ் கிளெய்ம்கூடக் கேட்கவில்லை. என் மீது விபத்து வழக்கு எதுவும் இல்லை."*

முதலாளியின் மனத்தைத் தொடுவது இதுதான். சின்ன இடிப்புக்குக் கிளெய்ம் கேட்டாலும் அடுத்த ஆண்டின் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். கிளெய்ம் இல்லாமல் ஐந்தாண்டு கடந்த வண்டிக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் பாதிவரை கிடைக்கும் தள்ளுபடி அது. போதாததற்கு வண்டி பட்டறையில் நிற்கும் நாள்களுக்கு வாடகை வண்டி பிடிக்க வேண்டும். யாருக்காவது அடிபட்டுவிட்டால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உரிமையாளரும் எதிர்மனுதாரராக ஏறி இறங்க வேண்டும்.

இதன் பலவீனம், காட்டுவதற்குக் காகிதம் இல்லாததுதான். ஒரு டிரைவரின் முழு ஓட்டத்தையும் ஒரே தாளில் தரும் அரசுச் சான்று நம் ஊரில் புழக்கத்தில் இல்லை. காவல் துறையின் சரிபார்ப்புச் சான்று குற்ற வழக்கு இருக்கிறதா என்று சொல்லும். எப்படி ஓட்டுகிறீர்கள் என்று சொல்லாது. இ-சலான் தளத்தில் லைசென்ஸ் எண்ணைக் கொண்டு தேடலாம். ஆனால் கேமராவில் பதிவாகும் விதிமீறல் வண்டி எண்ணின் மேல், அதாவது உரிமையாளர் பெயரில் விழுகிறது. எனவே உங்கள் லைசென்ஸ் மேல் சலான் இல்லை என்பது நீங்கள் சிக்னலைத் தாண்டவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. அது முதலாளிக்கும் தெரியும்.

ஆகவே இந்த வரிசையைத் தேர்ந்தெடுப்பவருக்கு ஒரே ஒரு சாட்சிதான் உண்டு, அவர் முந்தைய முதலாளி. "பாதுகாப்பாக ஓட்டுவேன்" என்று எழுதினால் யாரும் யாருக்கும் போன் செய்ய மாட்டார்கள். "ஐந்து ஆண்டு, ஒரே வண்டி, கிளெய்ம் இல்லை" என்று எழுதி, கீழே அவருடைய எண்ணைக் கொடுத்தால் போன் செய்வார்கள். அவரிடம் கேட்பதற்கு அந்த வரியிலேயே மூன்று கேள்விகள் இருக்கின்றன.

இதில் இருக்கும் செலவையும் சொல்ல வேண்டும். முந்தைய முதலாளியுடன் கணக்கு நேராக இருக்க வேண்டும். நீங்கள் ஓட்டிய காலத்தில் விழுந்த சலான் கட்டாமல் கிடந்து, அதை அவர் எஃப்.சி. நேரத்தில் கட்ட நேர்ந்திருந்தால், போனில் முதலில் அதைத்தான் சொல்வார். எண்ணைக் கொடுப்பதற்கு முன் நேரில் போய்ப் பேசுங்கள். பாக்கி இருந்தால் முடித்துவிடுங்கள். அவரே லெட்டர்ஹெட்டில் நான்கு வரி எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

"இன்றுவரை ஒரு கீறல்கூட விழுந்ததில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். ஒப்பணக்கார வீதியில் லோடு இறக்கிய வண்டியில் கீறல் இல்லை என்றால் எவரும் நம்பமாட்டார்கள். கண்ணாடி உடைந்தது, பம்பர் உரசியது போன்றவற்றைக் கடிதத்தில் பட்டியலிட வேண்டாம். நேர்முகத்தில் கேட்டால் நடந்ததைச் சொல்லி, அதற்குப் பிறகு சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கிப் பின்னால் பார்ப்பதையும் சொல்லுங்கள். ஆனால் வழக்குப் பதிவான விபத்து ஒன்று இருந்தால் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கடிதத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்டவர் இந்த வரிசையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

## நேரத்தை முன்னால் வைத்தால்

*"தினமும் காலை 4.30க்கு லோடு ஏற்றி, 7 மணிக்குள் கடைசிக் கடைக்கு ரொட்டி இறக்கும் லைனை ஐந்து ஆண்டு ஓட்டினேன்."*

'நேரம் தவறாதவன்' என்பது எல்லாக் கடிதத்திலும் இருக்கும் சொல். அப்படி எழுதினால் மூன்றில் மிக பலவீனமானது இதுதான். கடிகார நேரத்தோடு எழுதினால் மிக வலுவானதும் இதுதான். ரொட்டி வியாபாரம் தெரிந்த எவருக்கும் அந்த வரியின் பொருள் உடனே புரியும். டீக்கடை திறக்கும்போது பன் வரவில்லையென்றால் அன்றைய சரக்கு திரும்பி வந்துவிடும். ஐந்து ஆண்டு அந்த லைனில் தாக்குப்பிடித்தவர் விடியற்காலையில் எழுந்து வருகிற ஆள்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நேரம் என்றால் டிரைவர் சரக்கு போய்ச் சேரும் நேரத்தை நினைக்கிறார். முதலாளி முதலில் நினைப்பது வேலைக்கு வரும் நேரத்தை. லோடு தயாராக நிற்கிறது, டிரைவரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. விநியோகத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் பட்ட அனுபவம் இது. சாலை நெரிசலும் மழையும் உங்கள் கையில் இல்லை. காலையில் வந்து நிற்பது உங்கள் கையில் இருக்கிறது. அதனால் கடிதத்தில் முதலில் உறுதி சொல்ல வேண்டியது அதைத்தான். பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போவதென்றால் முன்கூட்டியே சொல்லி மாற்று ஆள் ஏற்பாடு செய்யும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், அதற்கும் ஒரு வரி கொடுங்கள். வேறு யாரும் அதை எழுதியிருக்கமாட்டார்கள்.

மறைந்திருக்கும் செலவு மூன்றிலும் இதற்குத்தான் அதிகம். "ஒருநாளும் தாமதமானதில்லை" என்று எழுதி வேலைக்குச் சேர்ந்தவர், அவிநாசி சாலையில் அரை மணி நேரம் நின்றுவிட்டால் மீதித் தூரத்தில் அதைப் பிடிக்கப் பார்ப்பார். அங்கேதான் விபத்தில்லாத ஓட்டம் முடிகிறது. கடிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதும் இந்த இரண்டு குணங்களும் சாலையில் ஒன்றையொன்று இழுக்கும். விவரம் தெரிந்த முதலாளி இதைக் கவனிப்பார். ஆகவே தாமதமானால் என்ன செய்வீர்கள் என்பதற்கு ஒரு வரி வேண்டும்: "தாமதமாகும் என்று தெரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, குடோனுக்கும் கடைக்கும் போன் செய்து சொல்லிவிடுவேன்." 'வண்டியை ஓரமாக நிறுத்தி' என்பதை விட்டுவிடாதீர்கள். ஓட்டிக்கொண்டே போன் பேசினால் லைசென்ஸ் மூன்று மாதம் நிறுத்திவைக்கப்படலாம். அந்த மூன்று சொற்களில் உங்கள் ஓட்டத்தின் பக்குவமும் தெரிந்துவிடுகிறது.

சரிபார்ப்பதற்கு டிரிப் ஷீட் இருக்கிறது, கடைக்காரர் கையெழுத்திட்ட பில் நகல்கள் இருக்கின்றன. ஆனால் அவை பழைய முதலாளியின் காகிதங்கள். அவரைக் கேட்காமல் நகல் எடுத்துக்கொண்டு போவது தவறு. அதில் அவருடைய வாடிக்கையாளர் பட்டியலே இருக்கிறது. புது முதலாளி அதைப் பார்த்தால், நாளை தன் பட்டியலும் இப்படித்தான் வெளியே போகும் என்று நினைப்பார்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | லைசென்ஸ் முதலில் | விபத்தில்லாத ஓட்டம் முதலில் | நேரம் முதலில் |
|---|---|---|---|
| சரிபார்ப்பு | கைப்பேசியிலேயே முடியும் | பழைய முதலாளியின் சொல் மட்டும் | பழைய முதலாளியின் சொல், ஓட்டிய லைனின் தன்மை |
| மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுமா | அநேகமாக இல்லை | ஆண்டும் வண்டியும் சொன்னால் ஆம் | மணி குறிப்பிட்டால் மட்டும் |
| தீர்க்கும் பயம் | அபராதம், இன்சூரன்ஸ் சிக்கல் | பட்டறைச் செலவு, வழக்கு | திரும்பி வரும் சரக்கு, வராத டிரைவர் |
| உங்கள் தலையில் ஏறும் சுமை | தேதி தவறானால் நம்பிக்கை போகும் | பழைய கணக்குகளைத் தீர்க்க வேண்டும் | வேகமாக ஓட்டத் தூண்டும் |

## யாருக்கு எது

லைசென்ஸை முன்னால் வைக்க வேண்டியவர்கள் சிலர் உண்டு. 7,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு விண்ணப்பிப்பவர்கள், ஆபத்தான சரக்குக்கான குறிப்பு பெற்றவர்கள், ஆன்லைன் வர்த்தக நிறுவனங்களுக்கு ஆள் எடுத்துக்கொடுக்கும் ஒப்பந்ததாரருக்கு எழுதுபவர்கள். கடைசியில் சொன்னவர் முதலில் காகிதம் சரியாக இருப்பவர்களைத்தான் ஒதுக்கி எடுப்பார். முதல் வேலை தேடும் இளைஞருக்கும் இதுதான் வழி, அவரிடம் சொல்ல வேறு அனுபவம் இல்லை.

கண்ணாடி, மரச்சாமான், டி.வி., ஃபிரிட்ஜ் ஏற்றும் கடைக்கும், கடன் வாங்கிப் புது வண்டி எடுத்திருக்கும் சிறு முதலாளிக்கும் விபத்தில்லாத ஓட்டத்தை முதலில் எழுதுங்கள். மாதத் தவணை கட்டுபவருக்கு வண்டி ஒருநாள் நின்றாலும் வலிக்கும். பால், ரொட்டி, பூ, பத்திரிகை, சமையல் ஆர்டர் போன்றவற்றுக்கு நேரம்.

நம்முடைய கோவை டிரைவர் எழுதுவது மருந்து விநியோகத்துக்கு. இன்சுலின், தடுப்பூசி போன்றவற்றை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். ஐஸ் பேக் வைத்த பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு எல்லை உண்டு. ஆகவே அவருக்கு நேரம் முதலில், விபத்தில்லாத ஓட்டம் அடுத்து. லைசென்ஸ் என்னவாகும்? அதைப் 'பொருள்' வரியில் வைத்துவிடலாம் என்பது என் முடிவு. கடிதத்தின் முதல் பத்தியைச் செலவழிக்காமலே, தகுதி இருக்கிறதா என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. நேரத்தையோ ஓட்டத்தையோ முன்னால் வைக்கும் எல்லோருக்கும் இதையே பரிந்துரைப்பேன்.

அவருடைய கடிதம் இப்படி அமையும்:

> பொருள்: டெலிவரி டிரைவர் பணிக்கான விண்ணப்பம் (எல்.எம்.வி. லைசென்ஸ், பேட்ஜுடன்; டி.ஆர். 2028 மார்ச் வரை செல்லும்)
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். கோவையில் ரொட்டி விநியோக லைன் ஒன்றில் ஐந்து ஆண்டுகளாக டாடா ஏஸ் ஓட்டி வருகிறேன். காலை 4.30க்கு லோடு ஏற்றி, 7 மணிக்குள் கடைசிக் கடைக்கு இறக்கிவிட வேண்டிய லைன் அது. விடுப்பு தேவைப்பட்டால் முன்கூட்டியே சொல்லி, மாற்று ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போவேன். வழியில் தாமதமாகும் என்று தெரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, குடோனுக்கும் கடைக்கும் போன் செய்து சொல்லிவிடுவேன்.
>
> இந்த ஐந்து ஆண்டும் ஒரே வண்டிதான். அதற்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் கேட்க நேர்ந்ததில்லை. என் மீது விபத்து வழக்கு இல்லை. என் முதலாளியின் எண்ணை அவருடைய அனுமதியுடன் கீழே கொடுத்திருக்கிறேன். மதியம் 12 மணிக்கு மேல் அவரிடம் பேசலாம்.
>
> மருந்துப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் முறை எனக்குப் புதிது. கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். நேரில் வரவும், வண்டி ஓட்டிக் காட்டவும் எந்த நாள் மாலையிலும் வர இயலும்.
>
> இப்படிக்கு,
> (பெயர், கைப்பேசி எண்)

'மதியம் 12 மணிக்கு மேல்' என்பதைச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. ரொட்டி வியாபாரி காலையில் போனை எடுக்கமாட்டார். எடுக்காத எண்ணுக்கு இரண்டாம் முறை யாரும் அழைப்பதில்லை. இன்னும் அதே வேலையில் இருந்துகொண்டு, போவதாக முதலாளியிடம் சொல்லாமல் தேடுபவர்கள் அந்த வரியை எடுத்துவிட்டு, "நேர்முகத்துக்குப் பிறகு என் முதலாளியின் எண்ணைத் தருகிறேன்" என்று எழுதலாம். ஆனால் அப்போது விபத்தில்லாத ஓட்டத்துக்கு இருந்த ஒரே சாட்சியும் கடிதத்தில் இல்லாமல் போகிறது. அந்த நிலையில் நேரத்தையும் லைனையும் இன்னும் விரிவாக எழுதி, ஓட்டத்தை ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.